எந்தச் சோங் பாங், பாட்டி?

“நேவல் பேஸ் வீட்டை இடிச்சாங்க. நாங்க சோங் பாங்குக்கு வந்துட்டோம்.”

ஈசூனில் ஏழாவது மாடி வீடு ஒன்றில் 84 வயதுப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்ன வரி இது. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியில் மூன்று சிக்கல்கள் இருந்தன என்பது பதினைந்து நாள் கழித்து, பதிவைத் திரும்பக் கேட்டு எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வாழ்ந்த குடும்பங்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் வேலையை நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவருகிறோம். எல்லாருமே பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இதுவரை 11 பெரியவர்களிடம் பேசியிருக்கிறோம். இந்த வாரம் அவர்களில் ஒருவரின் கதையை, அவர் அனுமதித்த அளவுக்கு மட்டும், எழுதுகிறேன். தாத்தா பாட்டியிடம் ‘பழைய கதை’ கேட்டு எழுத நினைக்கும் வாசகர்களுக்கு நாங்கள் செய்த தவறுகளாவது பயன்படும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் கொண்ட பெரிய உலர்துறை 1938 பிப்ரவரியில் செம்பவாங்கில் திறக்கப்பட்டது. கப்பல் பழுதுபார்ப்பு, கிடங்கு, காவல், சமையல், துப்புரவு என்று அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். தமிழர்களும் மலையாளிகளும் அவர்களில் மிகுதி. பலருக்குத் தளத்துக்குள்ளேயே குடியிருப்பு. அந்த வட்டாரத்துச் சாலைகளுக்கு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். கென்பரா, வெலிங்டன், மொன்ட்ரியால், டர்பன், டெல்லி, மால்டா. தஞ்சாவூரிலிருந்து வந்து டெல்லி ரோட்டில் குடியிருந்தவர்கள் உண்டு, டெல்லியை ஒருநாளும் பார்க்காமலே.

தளத்துக்கு வெளியே, செம்பவாங் சாலையோரம் இருந்த கம்பத்துக்குப் பெயர் சோங் பாங். நீ சூன் என்ற தொழிலதிபரின் மகன் பெயர் அது. கடைகள், பசார், சுல்தான் தியேட்டர் எல்லாம் அங்கே இருந்தன. 1980களில் அந்தக் கம்பம் காலிசெய்யப்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. ஈசூனில் எழுந்த புதிய அடுக்குமாடிப் பேட்டைக்கு அதே பெயரை வைத்தார்கள். ஈசூன் என்பதும் நீ சூன் என்ற பெயரின் மாண்டரின் உச்சரிப்புதான். இப்படி அப்பன் பெயரும் மகன் பெயரும் சேர்ந்தே இடம் மாறிவிட்டன.

ஆக, ‘சோங் பாங்குக்கு வந்துட்டோம்’ என்று ஒருவர் சொன்னால், எந்தச் சோங் பாங் என்று உடனே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஈசூனில் வளர்ந்த எனக்கு சோங் பாங் என்றால் புளோக்குகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். பாட்டி உட்கார்ந்திருந்ததும் அந்த இடத்திலேயே. எனவே 1980களில் தளத்து வீடுகளை இடித்தார்கள், இவர்கள் ஈசூனுக்கு வந்தார்கள் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பதிவைத் திரும்பக் கேட்டபோது, அதே மூச்சில் பாட்டி இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். “அங்க வந்தப்ப மூத்தவன் மூணாங் கிளாஸ்.” சற்றுத் தள்ளி, “லிஃப்ட் ஏழாவதுல நிக்காது, அஞ்சுல எறங்கி ரெண்டு மாடி ஏறணும்.” மூத்த மகன் பிறந்தது 1962இல். அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தது 1971இல். அப்போது ஈசூனில் லிஃப்டும் இல்லை, ஏழாவது மாடியும் இல்லை.

“அம்மாவுக்கு வருஷமெல்லாம் ஞாபகம் இருக்காது, நீங்க கண்டுக்காதீங்க” என்று அந்த மகனே முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தார். அது பாதிதான் சரி. வயதானவர்களுக்கு வருட எண் தவறும். ஆனால் எதற்குப் பிறகு எது நடந்தது என்ற வரிசை அவ்வளவு எளிதில் தவறுவதில்லை, அதுவும் பிள்ளைகளின் வகுப்பு, பிரசவம், கல்யாணம், சாவு ஆகியவற்றோடு ஒட்டியிருந்தால். ‘அது எந்த வருஷம்?’ என்று கேட்டால் அவர்கள் தடுமாறுவார்கள், அல்லது நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். ‘அப்போ கடைக்குட்டி பிறந்தாச்சா?’ என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்.

இரண்டாவது முறை போகும்போது எல்லாருக்கும் தெரிந்த சில நாள்களைப் பட்டியலிட்டு எடுத்துக்கொண்டு போனேன். 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. 1967 ஜூனில் சிங்கப்பூரின் சொந்தப் பணம் புழக்கத்துக்கு வந்தது. 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். 1986 மார்ச்சில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து விழுந்தது. 1988 கடைசியில் ஈசூனுக்கு ரயில் வந்தது. இந்த வருடங்களைப் பாட்டியிடம் சொல்லவில்லை. “அது நடந்தப்போ எந்த வீட்டில இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

பணம் மாறியபோது? “லயன்லதான். பழைய காசை மாத்த அவரு போனாரு.” அரை மணி நேரம் தள்ளி வைத்தபோது? பாட்டி சிரித்தார். “கம்பத்து வீட்டுல. பலகைச் சுவருல மாட்டியிருந்த கடிகாரம். ஸ்டூல்ல ஏறி நான்தான் தள்ளி வெச்சேன்.” ஹோட்டல் இடிந்தபோது? “இந்த வீட்டுல. ராப்பகலா டிவிதான் பார்த்தோம்.” ரயில்? “அப்ப இங்க வந்து ரொம்ப நாளாச்சு.”

வருட எண் ஒன்றுகூடச் சொல்லாமல் தாம் வாழ்ந்த மூன்று வீடுகளையும் அவர் வரிசைப்படுத்திவிட்டார். 1971 வரை தளத்துக் குடியிருப்பு. பிறகு 1982ஐத் தாண்டும் வரை பழைய சோங் பாங் கம்பத்தில் வாடகைப் பலகை வீடு. 1986 மார்ச்சுக்கு முன்பே புதிய சோங் பாங் அடுக்குமாடி. கடைக்குட்டி மகளின் பள்ளித் தேர்ச்சிப் புத்தகம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. அதில் 1985இல் முகவரி மாற்றி எழுதப்பட்டிருந்தது. பாட்டி சொன்ன வரிசையை அந்தத் தாள் உறுதிசெய்ததோடு, இடைவெளியையும் குறைத்துக் கொடுத்தது.

ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்கள் அவர் பேச்சில் ஒன்றாகிவிட்டதில் வியப்பில்லை. அவரைப் பொறுத்தவரை சோங் பாங்கிலிருந்து சோங் பாங்குக்குத்தானே குடிபோனார்!

ஆனால் இப்போது வேறொரு கேள்வி முளைத்தது. 1971இல் இவர்கள் வீட்டை யார் இடித்தார்கள்?

யாரும் இடிக்கவில்லை. அதே வரிசையில் குடியிருந்த தாத்தா ஒருவரையும் நாங்கள் பேட்டி கண்டிருந்தோம். கடிகாரத்தைத் தள்ளி வைத்தபோது அவர் அதே லயனில், அதே வீட்டில்தான் இருந்தார். அவர் கப்பல் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவர். தளத்தை விட்டுப் போகப்போவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு செம்பவாங் கப்பல் பட்டறை உருவாகி, கப்பல் பழுதுபார்க்கும் இடத்தை ஏற்றுக்கொண்டது. வெல்டிங், ஃபிட்டிங் தெரிந்த தாத்தாவைப் போன்றவர்களுக்கு முதலாளி மாறினாரே தவிர வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. பாட்டியின் கணவரோ கிடங்கில் வேலை பார்த்தவர். கடற்படை போன பிறகு கடற்படைக் கிடங்குக்கு என்ன வேலை? 1971 அக்டோபர் முடிவில் பிரிட்டிஷ் படைகள் விலகுவதற்கு முன்பே அவருக்குச் சீட்டு வந்துவிட்டது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது.

தாத்தாவிடம் ‘உங்க வட்டாரம் எப்போ மாறிச்சு?’ என்று கேட்டால், வீடுகளை இடித்த காலத்தைச் சொல்கிறார். பாட்டிக்கோ அது அதற்குப் பல ஆண்டு முன்பே முடிந்துபோனது. நான்கு கதவு தள்ளி வாழ்ந்த இருவருக்கு இரண்டு முடிவுகள். இப்படி இருவர் சொல்வது முரண்படும்போது, யாருக்கோ மறந்துபோச்சு என்று முடிவுகட்டி ஒன்றை அடித்துவிடத் தோன்றும். அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டபோதுதான் எங்களுக்கு முரண்பாட்டின் காரணம் கிடைத்தது.

அது சரி, ‘இடிச்சாங்க’ என்று பாட்டி ஏன் சொன்னார்? அதற்கு வருவதற்கு முன், நாங்கள் எல்லாப் பேட்டிகளிலும் செய்யும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் அதற்கு ‘கதவு எண்ணுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெரியவர்களிடம் ‘அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி?’ என்று கேட்டால், எல்லாரிடமிருந்தும் வருவது ஒரே பதில். “எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம், கதவையே பூட்ட மாட்டோம்.” பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. ‘பூட்டாத வீட்டுக்குள்ள வெளியாள் வர முடியுமா?’ என்று தொடர்ந்து கேட்டோம். “எப்படி வருவான்? கேட்டுல போலீஸ் நிப்பான், பாஸ் இருந்தாத்தான் உள்ள விடுவான்” என்றார் தாத்தா. பூட்டாத கதவுகளுக்குப் பின்னால் காவலுடன் ஒரு பெரிய கதவு இருந்திருக்கிறது. அதே கேள்வியைக் கம்பத்தில் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் நாய், அடுத்த வீட்டுக் கிழவி என்று வேறு காரணங்கள் வரும்.

அதனால் பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு பெரிய வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்துவிடுகிறோம். அச்சிட்ட பழைய வரைபடத்தை முதலில் காட்டுவதில்லை. காட்டினால், பரீட்சை எழுதுவதுபோல் சரியான இடத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் வரைபடம் காலால் நடந்து போட்டது. ‘உங்க அடுப்பை முதல்ல போடுங்க’ என்போம். அடுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய், குழாயிலிருந்து கழிப்பறை, பிறகு மளிகைக் கடை, மரத்தடியில் தொடங்கிய பாலசுப்பிரமணியர் கோயில், கடைசியாக கேட் என்று தாள் நிரம்பும். அந்தக் கோயிலும் பின்னர் ஈசூனுக்கு இடம் மாறியது. பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய வரைபடங்களோடு ஒப்பிடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

தாள் நிரம்பியதும், வரிசையின் முதல் கதவிலிருந்து கேட்கத் தொடங்குவோம். இந்த வீட்டில் யார்? என்ன வேலை? எந்த ஊர்க்காரர்? அவங்க எப்போ, எங்கே போனாங்க? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் எங்கள் வேலையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நாங்கள் பேட்டி காணும் 11 பேரும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். போனவர்களை நாங்கள் எப்படிக் கேட்பது? தங்கியவர்களை மட்டும் கேட்டு எழுதினால், லயன் வீட்டிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து அடுக்குமாடி என்று படிப்படியாக ஏறிய கதைதான் வரும். பாதியில் போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

பாட்டியின் வரிசையில் பத்துக் கதவுகள். தாளில் பத்துக் கட்டங்கள் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று குடும்பம் ஊருக்குப் போனது. மூன்று குடும்பம் கப்பல் பட்டறையில் சேர்ந்து அங்கேயே இருந்தது. தம்முடையது உட்பட இரண்டு குடும்பம் சோங் பாங் கம்பத்துக்கு வந்தது. ஒரு குடும்பம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. பேசும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் பட்டது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பெயர்கள்தான் இருந்தன. எட்டாவது கதவைச் சொன்னவர் அடுத்துப் பத்தாவதற்குத் தாவியிருந்தார். பத்தாவதுதான் அவர் வீடு. விட்டுப்போனது, சுவரை ஒட்டியிருந்த பக்கத்து வீடு.

தாத்தாவின் பட்டியலில் பத்துக் கதவும் இருந்தன. பாட்டி ஊருக்குப் போனதாகச் சொன்ன ஒரு குடும்பம் உண்மையில் ஜொகூருக்குப் போயிருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை பின்னாளில் தாத்தாவுக்கு வந்திருக்கிறது. ஒன்பதாவது கதவில் யார் இருந்தார்கள் என்பதையும் அவர் சொல்லியிருந்தார்.

ஆனால் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கறாரான விதி. ‘தாத்தா இப்படிச் சொன்னாரே’ என்று கேட்டால் அன்றோடு நம்பிக்கை போய்விடும். லயன் கலைந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த உறவுகள் உயிரோடு இருக்கின்றன. கோயிலில், கல்யாண வீட்டில் அவர்கள் இன்னும் சந்தித்துக்கொள்கிறார்கள். அதனால் மூன்றாவது முறை போனபோது பாட்டி போட்ட தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையால் போட்ட ஒன்பதாவது கட்டத்தைக் காட்டி, “பாட்டி, உங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் யாரோட அடுப்பு?” என்று கேட்டேன்.

பதிவில் அதன் பிறகு நாற்பது விநாடிக்கு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு மௌனம் வந்தால் பதறிப்போய் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அக்காவோடது” என்றார்.

அக்கா என்று அவர் சொன்னது ஓரகத்தியை, அதாவது கணவரின் அண்ணன் மனைவியை. அண்ணனும் தம்பியும் ஒரே கிடங்கில் வேலை. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே அம்மி. பாட்டியின் இரண்டாவது பிரசவத்தில் மருத்துவச்சி வருவதற்குள் பிள்ளையைக் கையில் வாங்கியது அந்த அக்காதான்.

1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே எட்டு ஆண்டு வாழ்ந்தவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்து குடிமக்களாகப் பதிவுசெய்துகொள்ள அது வழி திறந்தது. தம்பி போய்ப் பதிந்துகொண்டார். அண்ணன் போகவில்லை. “ஊர்ல ரெண்டு மா நிலம் கிடக்கு. நாலு வருஷத்துல போகப்போறவனுக்கு எதுக்கு இந்தச் சத்தியம்னு மச்சாண்டார் சொன்னாராம். எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி நடந்தது” என்றார் பாட்டி. நாலு வருடம் பதினான்கு வருடமானது. சிங்கப்பூர் தனி நாடான பிறகு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தளத்து வேலை இருக்கும்வரை அண்ணனுக்கு அந்தத் தாளின் அருமை தெரியவில்லை. வேலை போனதும் தம்பி கூலி வேலைக்காவது அலையலாம் என்று நின்றார். அண்ணனுக்கு அந்த வழியும் இல்லை. கைக்கு வந்த பணத்தோடு அண்ணன் குடும்பம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியது. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல்.

“கடிதம் வந்துச்சு, ரெண்டு மூணு. எனக்குப் படிக்கத் தெரியாது. அவரு படிச்சிட்டு மடிச்சு வெச்சிருவாரு. அப்புறம் வரல.” பாட்டி அந்த அக்காவை அதன் பிறகு பார்க்கவே இல்லை.

‘இடிச்சாங்க’ என்ற சொல் வந்த வழியையும் அவரே சொன்னார். வேலை போனதைப் பிள்ளைகளிடம் சொல்ல அவர் கணவர் கூச்சப்பட்டார். பெரியப்பா குடும்பம் ஏன் போனது என்று அவர்கள் கேட்டபோது, தாம் மட்டும் பிரமாணம் செய்துகொண்டு தங்கிவிட்டதையும் சொல்ல முடியவில்லை. வீட்டை இடிக்கப்போறாங்க, அதனால எல்லாரும் போறோம் என்றார். சில ஆண்டு கழித்து உண்மையிலேயே அந்த வீடுகளை இடித்தபோது, அவர் சொன்னது மெய்யாகிவிட்டது. கணவர் இறந்த பிறகும் பாட்டி அதே சொல்லைக் காப்பாற்றிவந்தார். பக்கத்து அறையில் இருந்த 60 வயது தாண்டிய மகனுக்கு இது எதுவும் தெரியாது.

நான் கருவியை நிறுத்தினேன். எங்களிடம் ஓர் ஒப்புதல் படிவம் இருக்கிறது. எல்லாரும் கேட்கலாம், பெயர் இல்லாமல் கேட்கலாம், குறிப்பிட்ட காலம்வரை யாரும் கேட்கக்கூடாது என்று அதில் மூன்று கட்டங்கள். முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவது எங்கள் பழைய வழக்கமாக இருந்தது. அது தவறு. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாதபோது ஒருவர் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இப்போது கடைசி நாளில், பேசியதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறோம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாததால் படிவத்தையும் வாய்விட்டு வாசித்தேன். அவர் மூன்றாவது கட்டத்தைக் காட்டினார். “நான் போனப்புறம் யாரு வேணும்னாலும் கேக்கட்டும்.”

சரி என்று வந்துவிட்டேன். என் பட்டியலில் அந்த மூன்றாவது பதிவுக்கு எதிரே ‘மூடியது’ என்று எழுதினேன். எங்களில் ஒருவருக்கு வருத்தம்தான். குடியுரிமைப் பதிவு ஒரு வரிசையையே இரண்டாகப் பிரித்த கதை கைக்கு வந்தும் பயன்படுத்த முடியவில்லையே என்றார். அவருடைய வருத்தம் நியாயம். ஆனால் அந்தக் கதை எங்களுடையதல்ல.

ஒரு வாரம் கழித்து பாட்டி தொலைபேசியில் கூப்பிட்டார். “பெரியவன்கிட்ட நானே சொல்லிட்டேம்மா. ஒண்ணும் பேசல. தாளைக் கொண்டான்னு வாங்கிப் பார்த்தான். அந்தக் கட்டத்துல பெரியம்மா பேரை அவனே எழுதிட்டான். இனிமே நீ எழுதிக்க. பேரு மட்டும் வேணாம்.”

பத்துக் கதவுகளின் கணக்கு இப்போது முழுமையாகிவிட்டது. ஊருக்குப் போனவை மூன்று, ஜொகூருக்கு ஒன்று, கப்பல் பட்டறையோடு தங்கியவை மூன்று, கம்பத்துக்குப் போனவை இரண்டு, தெரியாதது ஒன்று. கட்டடம் இடிந்த தேதியை மட்டும் தேடியிருந்தால் அந்த வரிசை 1971 வாக்கிலேயே பாதிக்கு மேல் காலியானது எங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்து வீடுகளின் கணக்கை வைத்துத் தளம் முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வரிசையில் வெல்டர்கள் அதிகம் என்கிறார்கள். அங்கே கணக்கு வேறாக இருக்கும். அதையும் எண்ணத் தொடங்கியிருக்கிறோம்.

போன ஞாயிறு பாட்டியை அவர் மகன் கென்பரா ரயில் நிலையத்துக்கு அழைத்துவந்தார். 2019இல் திறந்த நிலையம். நானும் போயிருந்தேன். லயன் எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லிக் கேட்டோம். பாட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். புதிய புளோக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை. “கேட்டு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சொல்லிடுவேன்” என்றார். நாங்கள் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு கேட்டைத் தேடப் புறப்பட்டோம்.